பி12 ஊசி போட்டும் தீராத ரத்தசோகை: தினமும் போடும் ஜிங்க் மாத்திரை காரணமாக இருக்கலாமா?

58 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதமாக அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பாதத்தில் மரத்துப்போன உணர்வு, செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை. காலையில் கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவும்போது உடல் தள்ளாடுகிறது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1. சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கின்றன. வெள்ளை அணுக்களும் குறைவு. ரத்தசோகை, பெரிய சிவப்பணு, கால் மரத்துப்போதல் மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது வைட்டமின் பி12 குறைபாடுதான். இறைச்சி, மீன் சாப்பிடாதவர்கள் நிறைய இருக்கும் நம் நாட்டில் அப்படி நினைப்பது நியாயமும்கூட. ஊசி ஆரம்பிக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் ஹீமோகுளோபின் 7.9.

இவர் ஒரு குறிப்பிட்ட நபர் அல்ல. மருத்துவ இதழ்களில் பதிவான நோயாளிகளின் கதை எப்படி நகர்கிறதோ, அதை வைத்து அமைத்த உதாரணம். அந்தக் கதைகளில் பலவற்றில் திருப்பம் ஒரே மாதிரிதான் வருகிறது. யாரோ ஒருவர், "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கிறார். "மருந்து எதுவும் இல்லை. எதிர்ப்பு சக்திக்காக ஒரு ஜிங்க் மாத்திரை மட்டும்" என்று பதில் வருகிறது.

நம் உதாரணப் பெண் கோவிட் காலத்தில் அதை ஆரம்பித்தவர். அதன்பிறகு நிறுத்தவே இல்லை. அவருக்கு இருப்பது பி12 குறைபாடு அல்ல, செம்புச் சத்துக் குறைபாடு. அதை உண்டாக்கியது அந்த ஜிங்க் மாத்திரை.

ஜிங்க் சாப்பிட்டால் செம்பு ஏன் குறைய வேண்டும்?

ஜிங்க் என்பது துத்தநாகம். செம்பு வேறு உலோகம். ஒன்றை அதிகமாகச் சாப்பிட்டால் இன்னொன்று ஏன் குறைகிறது? விடை சிறுகுடலின் உட்சுவரில் இருக்கிறது.

குடல் சுவரின் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதம் உண்டு. உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. ஜிங்க் அதிகமாக வரும்போது, அதைச் சமாளிக்க அந்தச் செல்கள் இந்தப் புரதத்தை நிறையத் தயாரிக்கின்றன. சிக்கல் என்னவென்றால், மெட்டலோதயோனின் ஜிங்க்கைவிடச் செம்பைத்தான் கெட்டியாகப் பிடிக்கும். உணவிலிருந்து வரும் செம்பு ரத்தத்துக்குப் போகும் வழியில் இதனிடம் மாட்டிக்கொள்கிறது.

குடல் சுவரின் செல்கள் சில நாட்களில் உதிர்ந்துவிடும். உதிரும் செல்லோடு அதில் சிக்கிய செம்பும் மலத்தில் வெளியேறிவிடும். அதாவது, நீங்கள் சாப்பாட்டில் போதுமான செம்பு எடுத்துக்கொண்டாலும் அது உடம்புக்குள் சேர்வதில்லை. வயதுவந்த ஒருவருக்குத் தினமும் தேவைப்படும் செம்பு 1 முதல் 2 மில்லிகிராம்தான். எள், முந்திரி, கொண்டைக்கடலை, பருப்பு, ஈரல் எல்லாவற்றிலும் அது கிடைக்கிறது. அதனால்தான் சாப்பாடு சரியில்லாமல் செம்புக் குறைபாடு வருவது அபூர்வம். தொடர்ந்து ஜிங்க் போடுவதால் வருவது அவ்வளவு அபூர்வம் இல்லை.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மனிதருக்கு ஜிங்க் குறைபாடு வரும் என்பதையே 1960-களில் உலகுக்குக் காட்டிய, பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். சிக்கிள் செல் நோயாளி ஒருவருக்கு நாளுக்கு 150 மில்லிகிராம் ஜிங்க் இரண்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. அவருக்குச் செம்புக் குறைபாடு வந்ததை 1978-இல் பிரசாத்தும் சக ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஜார்ஜ் புரூவர், இதே பக்கவிளைவைச் சிகிச்சையாக மாற்றுவதில் பின்னர் பெரும் பங்காற்றினார். உடம்பில் செம்பு தேங்கிக் கல்லீரலைக் கெடுக்கும் வில்சன் நோய்க்கு, ஜிங்க் அசிடேட் மாத்திரையை அமெரிக்கா 1997-இல் அங்கீகரித்தது. பெரியவர்களுக்கான வழக்கமான அளவு 50 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை.

இதை இன்னொரு விதமாகச் சொல்லலாம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரை, உடம்பில் செம்பு சேராமல் தடுக்கும் சிகிச்சையின் ஒரு வேளை அளவு.

செம்பு குறைந்தால் ரத்தசோகை எப்படி?

ரத்தசோகை என்றதும் இரும்புதானே ஞாபகம் வரும்? இதிலும் இரும்புக்கு இடம் உண்டு. ஆனால் அது குறைவதில்லை, மாட்டிக்கொள்கிறது.

குடல் செல்லிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்குள் ஏறிப் பயணிக்க வேண்டுமானால், அதன் வேதி வடிவம் மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்து தரும் புரதங்கள் இரண்டு. குடலில் ஹெஃபாஸ்டின், ரத்தத்தில் செருலோபிளாஸ்மின். இரண்டுமே செம்பு இல்லாமல் வேலை செய்யாது. செம்பு தீர்ந்தால், கிடங்கில் இரும்பு இருக்கும், வண்டி ஏறாது. அதனால்தான் இந்த நோயாளிகளுக்கு ஃபெரிட்டின் அளவு பெரும்பாலும் சரியாகவோ கூடுதலாகவோ இருக்கும். இரும்பு மாத்திரையும் பலன் தராது.

எலும்பு மஜ்ஜைக்கு வந்து சேரும் இரும்பும் முழுதாகப் பயன்படுவதில்லை. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் முக்கிய நொதி ஒன்றுக்குச் செம்பு தேவை. அது தடுமாறும்போது, ஹீமோகுளோபினாக மாற வேண்டிய இரும்பு, வளரும் சிவப்பணுவுக்குள் வளையம்போலத் தேங்கி நிற்கிறது. கூடவே நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களும் குறைகின்றன. தட்டணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடும்.

பி12 குறைபாடு மாதிரியே ஏன் தெரிகிறது?

இரண்டும் ஒரே இரு இடங்களைத் தாக்குவதுதான் காரணம். ஒன்று எலும்பு மஜ்ஜை, இன்னொன்று தண்டுவடம்.

ரத்தத்தைப் பொறுத்தவரை, பி12 குறைபாட்டில் சிவப்பணு பெரிதாவது வழக்கம். செம்புக் குறைபாட்டில் அது பெரிதாகவும் இருக்கலாம், சாதாரணமாகவும் இருக்கலாம், சிறிதாகவும் இருக்கலாம். பெரிதாக இருந்துவிட்டால் அங்கேயே குழப்பம் ஆரம்பம். வெள்ளை அணு குறைவது இரண்டிலும் உண்டு.

உண்மையில் ஆளை ஏமாற்றுவது தண்டுவடப் பாதிப்புதான். நம் தண்டுவடத்தின் பின்பக்கத்தில் ஓடும் நரம்புக் கற்றைகள், கால் எங்கே இருக்கிறது, தரை அதிர்கிறதா என்ற தகவலை மூளைக்குக் கொண்டுபோகின்றன. பி12 குறைபாட்டில் இந்தக் கற்றைகள் பழுதாகும். செம்புக் குறைபாட்டிலும் அதே கற்றைகள்தான் பழுதாகின்றன. கண் திறந்திருக்கும்போது பார்வை அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். கண்ணை மூடினால் தெரிந்துவிடும். முகம் கழுவும்போது அந்தப் பெண் தள்ளாடியது அதனால்தான். எம்ஆர்ஐ எடுத்தால், கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் பின்பக்கத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியலாம். படத்தை மட்டும் வைத்து இது பி12, இது செம்பு என்று பிரிக்க முடியாது.

கால்நடை வளர்ப்போருக்கு இது பழைய செய்தி. செம்பு குறைந்த மேய்ச்சல் நிலங்களில் பிறக்கும் ஆட்டுக்குட்டிகள் பின்னங்கால் தள்ளாடி விழுவதை 'ஸ்வேபேக்' என்பார்கள். மனிதர்களிடம் இதே பாதிப்பு 2000-க்குப் பிறகுதான் பரவலாகக் கவனிக்கப்பட்டது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் நரம்பியல் மருத்துவர் நீரஜ் குமார், 2006-இல் எழுதிய கட்டுரையில் இதை 'மனித ஸ்வேபேக்' என்றே குறிப்பிட்டார்.

இன்னொரு வேஷமும் உண்டு. மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் தெரியும் இரும்பு வளையங்களும், செல்களுக்குள் தெரியும் குமிழ்களும், ரத்தப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகக் கருதப்படும் மைலோடிஸ்பிளாசியாவை ஒத்திருக்கும். அந்தப் பெயரைக் கேட்டு மாதக்கணக்கில் பயந்து வாழ்ந்தவர்களும், கீமோதெரபி, மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வரை யோசிக்கப்பட்டவர்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது சில மில்லிகிராம் செம்பு.

அப்படியானால் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

நம் உதாரணப் பெண்ணின் அறிக்கைக்குத் திரும்புவோம். அவருடைய பி12 அளவு ஊசி போடுவதற்கு முன்பே 410. பொதுவாக 200-க்குக் கீழே போனால்தான் குறைபாடு என்பார்கள். 410 இருந்தும் ஊசி போட்டது ஏன்? ரத்தத்தில் அளவு சரியாக இருந்தும் செல்களுக்குள் பி12 போதாமல் இருப்பது சிலருக்கு உண்டு என்பதால். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஹோமோசிஸ்டின், மெத்தில்மலோனிக் அமிலம் என்ற இரண்டு பரிசோதனைகள் இருக்கின்றன. பி12 போதவில்லை என்றால் இரண்டும் ஏறும். வெறும் செம்புக் குறைபாடு என்றால் ஏறாது. இவருக்கு இரண்டும் சரியாக இருந்தன.

அடுத்த துப்பு, ஊசிக்கு உடல் என்ன பதில் சொன்னது என்பது. பி12 குறைபாட்டால் வந்த ரத்தசோகை என்றால், ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்கள் பெருகும். அடுத்த சில வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறும். ஆறு வாரத்தில் 8.1 என்பது 7.9 ஆனால், நோயைத் தவறாகப் பெயரிட்டிருக்கிறோம் என்று அர்த்தம். அல்லது கூடவே இன்னொன்று இருக்கிறது.

கடைசியாக மூன்று எண்கள். ரத்தத்தில் செம்பு 12 மைக்ரோகிராம், இருக்க வேண்டியது சுமார் 70 முதல் 140. செருலோபிளாஸ்மின் 4 மில்லிகிராம், இருக்க வேண்டியது சுமார் 20-க்கு மேல். ஜிங்க் 190 மைக்ரோகிராம், இருக்க வேண்டியது சுமார் 70 முதல் 120. எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு. செம்பு தரையில், ஜிங்க் கூரையில். விடை கிடைத்துவிட்டது.

ஆனால் எல்லோருக்கும் இவ்வளவு தெளிவாக வராது. இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, செருலோபிளாஸ்மின் உடம்பில் அழற்சி இருந்தால் தானாகவே ஏறும். கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் ஏறும். ரத்தச் செம்பின் பெரும்பகுதி இந்தப் புரதத்தில்தான் இருக்கிறது. அதனால் லேசான குறைபாடு இருந்தாலும் அறிக்கை 'நார்மல்' என்று வரலாம்.

இரண்டு, ரத்தம் எடுக்கும் குழாய். சாதாரணக் குழாய்களின் ரப்பர் மூடியிலிருந்து ஜிங்க் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டலாம். நுண் உலோகங்களுக்கென்று தனிக் குழாய் உண்டு. அதில்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, இந்தியாவில் மிக முக்கியமானது. பி12 உண்மையிலேயே குறைவாக இருக்கலாம், செம்பும் கூடவே குறைவாக இருக்கலாம். பி12 அளவு 150 என்று வந்ததும் தேடலை நிறுத்திவிட்டால் இரண்டாவது குறைபாடு கண்ணில் படாது. ஊசியால் முன்னேற்றம் பாதியில் நின்றுபோனால் செம்பைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

எவ்வளவு ஜிங்க் அதிகம்?

அமெரிக்க மருத்துவக் கழகம் 2001-இல் பெரியவர்களுக்கு நிர்ணயித்த உச்சவரம்பு, உணவையும் சேர்த்து நாளுக்கு 40 மில்லிகிராம். இந்த எண் வந்த வழியே நம் கதைதான். 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான பெண்களுக்குப் பத்து வாரம் தினமும் 50 மில்லிகிராம் ஜிங்க் கொடுத்தார்கள். அவர்களின் சிவப்பணுக்களில், செம்பை நம்பி இயங்கும் ஒரு நொதியின் செயல்பாடு கணிசமாகக் குறைந்தது. உணவிலிருந்து வரும் சுமார் 10-ஐச் சேர்த்தால் மொத்தம் 60. பாதுகாப்புக்காக அதை 1.5-ஆல் வகுத்தார்கள். விடை 40. ஆக, ஜிங்க்கின் உச்சவரம்பு என்பது செம்பைக் காப்பாற்றப் போட்ட கோடு.

இப்போது நம் உதாரணப் பெண்ணின் கணக்கு. காலையில் ஒரு ஜிங்க் மாத்திரை, 50. இரவில் ஒரு மல்டிவைட்டமின். அதன் அட்டையில் 'ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 61.8 மில்லிகிராம்' என்று இருக்கிறது. இது உப்பின் எடை. அதற்குள் இருக்கும் உண்மையான ஜிங்க் 22.5 மில்லிகிராம். உணவில் சுமார் 10. மொத்தம் 82.5, அதாவது உச்சவரம்பைப்போல இரு மடங்குக்கும் மேல். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இரண்டு வருடம்.

அட்டையைப் படிக்கும்போது குழம்பாமல் இருக்க, 'எலிமெண்டல் ஜிங்க்' அல்லது 'ஜிங்க்குக்குச் சமமானது' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். மோனோஹைட்ரேட் உப்பில் சுமார் 36 சதவீதம்தான் ஜிங்க். ஹெப்டாஹைட்ரேட் உப்பில் சுமார் 23 சதவீதம்.

மாத்திரை மட்டும்தான் என்றில்லை. பல் செட்டை ஒட்டும் பசைகள் சிலவற்றில் ஜிங்க் சேர்க்கப்பட்டிருந்தது. பொருந்தாத பல் செட்டைச் சமாளிக்க வாரத்துக்கு இரண்டு குழாய்களுக்கு மேல் பசை பயன்படுத்திய அமெரிக்க நோயாளிகளுக்கு இதே நரம்புப் பாதிப்பு வந்ததை 2008-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஜிங்க்கே தொடாதவர்களிலும் ஒரு குழு இருக்கிறது. செம்பு உடம்பில் சேர்வது முக்கியமாக இரைப்பையிலும் சிறுகுடலின் முதல் பகுதியிலும். அந்த வழியை மாற்றிவிடும் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு, ஆண்டுகள் கழித்தும் குறைபாடு வரலாம். பி12-ம் அவர்களுக்குக் குறையும் என்பதால் குழப்பம் இரட்டிப்பு.

மாறாக, முதுமையில் வரும் விழித்திரைத் தேய்வுக்கு மருத்துவர்கள் தரும் ஒரு மாத்திரைக் கலவையில் 80 மில்லிகிராம் ஜிங்க் உண்டு. அதில் 2 மில்லிகிராம் செம்பையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ரத்தசோகை வரக்கூடாது என்பதற்காகத்தான்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கில் தரும் ஜிங்க்?

அதை நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10, மொத்தம் 14 நாள் வரை. ஓஆர்எஸ் கரைசலோடு தரப்படும் இந்தச் சிகிச்சை உயிர் காப்பது. செம்பு வற்றிப்போக மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். 14 நாள் அதற்குப் போதாது. இங்கே நாம் பேசுவது முடிவுத் தேதியே இல்லாமல் போடும் மாத்திரையைப் பற்றி.

சிகிச்சை என்ன? எல்லாம் திரும்புமா?

முதல் வேலை ஜிங்க்கை நிறுத்துவது. இரண்டாவது, மருத்துவர் கண்காணிப்பில் செம்பு. வாய்வழியாகச் சில வாரங்களுக்குக் கூடுதல் அளவில் தொடங்கி, பிறகு நாளுக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு இறக்குவது ஒரு வழக்கமான முறை. நிலைமை மோசமாக இருந்தால் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். சேர்ந்திருக்கும் ஜிங்க் வடிவதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால், ஜிங்க்கை நிறுத்தாமல் செம்பு மட்டும் கொடுத்தால் அது மறுபடி குடல் சுவரிலேயே மாட்டிக்கொள்ளும்.

செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்தால் போதாதா என்று கேட்கலாம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் செம்பின் வரம்பே லிட்டருக்கு 2 மில்லிகிராம். குடத்திலிருந்து கரையும் சொற்பச் செம்பும் அதே குடல் சுவரைத் தாண்டித்தான் வர வேண்டும். தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கும்போது அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. அதே சமயம் நீங்களாகச் செம்பு மாத்திரை வாங்கிப் போடுவதும் தவறு. வில்சன் நோயிலும் செருலோபிளாஸ்மின் குறையும். அந்த நோயாளிக்குச் செம்பு கொடுத்தால் ஆபத்து. சிறுநீரில் செம்பு எவ்வளவு போகிறது என்று பார்த்து மருத்துவர்கள் இரண்டையும் பிரிப்பார்கள். வில்சனில் அது அதிகம், குறைபாட்டில் அது குறைவு.

ரத்தம் நன்றாகவே மீளும். வெள்ளை அணுக்களும் ஹீமோகுளோபினும் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரியாகிவிடும். மஜ்ஜையில் தெரிந்த பயமுறுத்தும் மாற்றங்களும் மறையும். நரம்பு அப்படி இல்லை. பலருக்கு மேலும் மோசமாகாமல் நிற்கும், கொஞ்சம் முன்னேறும். ஆனால் மரத்துப்போன பாதமும் தள்ளாட்டமும் முழுதாகப் போகாமல் தங்கிவிடுவது சகஜம். தவறான பெயரில் கழியும் ஒவ்வொரு மாதமும் ஏன் முக்கியம் என்பதற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் செய்யக்கூடியது

வீட்டில் யாராவது மாதக்கணக்கில் ஜிங்க் போடுகிறார்களா என்று பாருங்கள். மல்டிவைட்டமின், கூந்தலுக்கான மாத்திரை, புரத பவுடர் எல்லாவற்றின் அட்டையையும் எடுத்து ஜிங்க்கைக் கூட்டுங்கள். மருத்துவர் சொல்லித் தொடங்கியது என்றால், எதுவரை என்று அவரிடமே கேளுங்கள்.

ரத்தசோகையோடு வெள்ளை அணுவும் குறைந்திருந்தால், அல்லது கால் மரத்துப்போய் நடை தள்ளாடினால், அல்லது பி12 ஊசியும் இரும்பு மாத்திரையும் பலன் தராவிட்டால், அந்த அட்டைகளை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். "மருந்து எதுவும் சாப்பிடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். செம்பு, செருலோபிளாஸ்மின், ஜிங்க் மூன்றையும் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆனால் பி12 ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு குறைபாடும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம்.